‘இது சரியா?’ – கரண்ட் பில் படத்தை எப்படிப் படிப்பது?

கோடை முடிந்து ஜூன் மாதம் வந்துவிட்டால் என் கைப்பேசிக்கு ஒரு மாதிரியான படங்கள் வர ஆரம்பிக்கும். கரண்ட் பில்லின் படம், அல்லது இ.பி. வெள்ளை அட்டையின் படம், அல்லது மின்வாரியம் அனுப்பிய குறுஞ்செய்தியின் படம். அதன் கீழே இரண்டே சொல் இருக்கும்: “இது சரியா?” வேறு விவரம் எதுவும் இருக்காது. சிலர் தொகை மட்டும் தெரிகிற மாதிரி படத்தை வெட்டியே அனுப்புவார்கள்.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தூத்துக்குடி முதல் குலசேகரன்பட்டினம் வரை நம் கடலோர ஊர்களில் வீட்டு ஆண்கள் பலர் வளைகுடாவிலோ, ஹாங்காங்கிலோ, கொழும்பிலோ, சென்னையிலோ இருப்பார்கள். வீட்டில் இருக்கும் உம்மாவோ லாத்தாவோ பில்லைப் பார்த்துத் திடுக்கிட்டு, படம் எடுத்துத் தெரிந்தவருக்கு அனுப்புவார்கள். தொகை அதிகம் என்பது அவர்களுக்குத் தெரிகிறது. ஏன் அதிகம் என்று தெரியாததால்தான் கேட்கிறார்கள்.

மதரஸாவில் ஓதும் காலத்தில் எங்கள் உஸ்தாது, மஸ்அலா கேட்டு வருபவருக்கு உடனே பதில் சொல்லமாட்டார். முதலில் கேள்வியின் வடிவத்தைத் தெளிவாக்கிக்கொள்வார். கரண்ட் பில் விஷயத்திலும் அது அப்படியே பொருந்தும். ‘இது சரியா?’ என்ற கேள்விக்குள் குறைந்தது நான்கு கேள்விகள் இருக்கின்றன. பில் நம் வீட்டுக்குரியதா, சரியான கட்டண வகையில் போடப்பட்டிருக்கிறதா? மீட்டர் ரீடிங் சரியா? யூனிட்டுக்குப் போட்ட கணக்கு சரியா? யூனிட் கட்டணத்தோடு வேறு ஏதாவது தொகை சேர்ந்திருக்கிறதா? ஒரு பில்லில் கணக்கு சரியாக இருந்து ரீடிங் தவறாக இருக்கலாம். ரீடிங் சரியாக இருந்து கட்டண வகை தவறாக இருக்கலாம். ஆகவே ‘சரி’, ‘தப்பு’ என்று ஒரே சொல்லில் பதில் அனுப்புவது அனேகமாகத் தவறான பதிலாகவே முடியும்.

ஒரு மாதிரி பில்லை வைத்து இந்த நான்கையும் வரிசையாகப் பார்ப்போம். இது எந்த வீட்டின் பில்லும் அல்ல. விளக்கத்துக்காக நானே அமைத்துக்கொண்ட எண்கள். ஆனால் கோடைக்குப் பிறகு வருகிற பல பில்கள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

வழக்கமாக அந்த வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 460 யூனிட், 1,553 ரூபாய் வரும். இந்த முறை கட்டச் சொல்லி வந்திருப்பது 3,858 ரூபாய். ஏறக்குறைய இரண்டரை மடங்கு. பில்லில் உள்ள மற்ற விவரங்கள்: முந்தைய ரீடிங் ஏப்ரல் 4 அன்று 18,102. இப்போதைய ரீடிங் ஜூன் 11 அன்று 18,742. யூனிட் 640. மின் கட்டணம் 3,258 ரூபாய். கூடுதல் வைப்புத்தொகை 600 ரூபாய்.

முதலில் இணைப்பு எண்ணும் கட்டண வகையும்

படம் வந்ததும் கண் தொகைக்குப் போகும். அதை விட்டுவிட்டு மேலே இருக்கும் இணைப்பு எண்ணைப் பாருங்கள். நம் பகுதி மின்வாரியத்தின் திருநெல்வேலி மண்டலத்தில் வருகிறது. அதனால் நம் இணைப்பு எண்கள் 07 என்று தொடங்கும். ஒரே காம்பவுண்டில் இரண்டு மூன்று மீட்டர் உள்ள வீடுகளில், உம்மா வீட்டு பில்லை லாத்தா வீட்டு பில் என்று நினைத்துக் குழம்புவது சாதாரணமாக நடக்கும். வெள்ளை அட்டையில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டாலே அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பழக்கமில்லாத எண்ணிலிருந்து, ‘இன்று இரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று வரும் செய்தி பில்லே அல்ல. அது பணம் பறிக்கும் மோசடி. அதில் உங்கள் இணைப்பு எண்ணும் ரீடிங்கும் இருக்காது. அந்தப் படம் வந்தால் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை, அழைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

அடுத்து கட்டண வகை. வீட்டு இணைப்பு என்றால் 1A என்று இருக்க வேண்டும். வீடு கட்டும்போது வாங்கிய தற்காலிக இணைப்பு, வீடு குடியேறிய பிறகும் வீட்டு வகைக்கு மாற்றப்படாமல் இருப்பது உண்டு. முன் அறையில் கடை வைத்திருந்து, கடையை எடுத்த பிறகும் இணைப்பு வணிக வகையிலேயே தொடர்வதும் உண்டு. இந்த வகைகளில் முதல் 100 யூனிட் இலவசம் கிடையாது, யூனிட் விலையும் அதிகம். இவை தாமாக மாறாது. நாம் விண்ணப்பித்தால்தான் மாறும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய அடையாளம் இருக்கிறது. வீட்டு இணைப்புகளுக்கு 2022 செப்டம்பர் 10 முதல் நிலைக்கட்டணம் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே படத்தில் நிலைக்கட்டணம் என்று ஒரு வரி இருந்தால், அந்த இணைப்பு வீட்டு வகையில் இல்லை என்று சந்தேகப்படலாம். நம் மாதிரி பில் 1A வகை, நிலைக்கட்டணம் இல்லை. இந்தப் படியில் பிழை இல்லை.

இரண்டாவது ரீடிங்கும் தேதியும்

640 யூனிட் உண்மையிலேயே ஓடியதா என்பதை பில் படத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் சொல்ல முடியாது. அதற்கு மீட்டரின் இன்றைய படம் வேண்டும். படம் அனுப்பியவரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: “லாத்தா, மீட்டரை இப்போ ஒரு படம் எடுத்து அனுப்புங்க.”

படம் எடுப்பதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இப்போதுள்ள டிஜிட்டல் மீட்டர்களின் திரை மாறிக்கொண்டே இருக்கும். தேதி, வோல்டேஜ், உச்ச தேவை என்று பல எண்கள் வந்து போகும். பக்கத்தில் kWh என்று காட்டும்போது வரும் எண்தான் யூனிட் கணக்கு. அது வரும்வரை காத்திருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

ஜூன் 17 அன்று எடுத்த படத்தில் 18,799 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பில் போட்ட ஜூன் 11-க்குப் பிறகு ஆறு நாளில் 57 யூனிட் ஓடியிருக்கிறது. நாளுக்கு ஒன்பதரை யூனிட். பில்லில் உள்ள 640 யூனிட்டை ஏப்ரல் 4 முதல் ஜூன் 11 வரையுள்ள 68 நாளால் வகுத்தால் நாளுக்கு 9.4 வருகிறது. இரண்டும் பொருந்துகின்றன. ரீடிங் சரியாகத்தான் எடுக்கப்பட்டிருக்கிறது.

மாறாக, இன்றைய மீட்டரில் 18,480 என்று இருந்தால்? பில்லில் உள்ள எண்ணைவிட இன்றைய எண் குறைவாக இருக்க வழியே இல்லை. 18,427 என்று எழுத வேண்டியதை 18,742 என்று எண்ணை இடம் மாற்றிப் பதிந்திருக்கலாம் என்று ஊகிக்கலாம். இதுதான் மறுக்க முடியாத தவறு. மீட்டர் படத்தைக் காட்டினாலே போதும், வாதம் தேவையில்லை.

இப்படித் தவறாக ஏறிய ரீடிங்கை, ‘அடுத்த முறை தானாகச் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடக் கூடாது. அடுத்த முறை யூனிட் குறைந்து காட்டும் என்பது உண்மைதான். ஆனால் இந்த முறை உயர்ந்த ஸ்லாபில் கட்டிய பணம், அடுத்த முறை தாழ்ந்த ஸ்லாபில் குறைகிற பணத்துக்குச் சமம் ஆகாது. யூனிட் திரும்ப வரும், பணம் முழுதாகத் திரும்ப வராது. ஆகவே கட்டுவதற்கு முன்பே பிரிவு அலுவலகத்தில் திருத்தி வாங்குவதுதான் முறை.

இந்தப் படியில் இன்னொன்றும் தெரிந்துவிட்டது. கணக்கெடுப்பு 60 நாளுக்குப் பதிலாக 68 நாளில் நடந்திருக்கிறது. எட்டு நாள் தானே என்று தோன்றும். அதன் விலை என்ன என்பதை அடுத்த படியில் பார்க்கலாம்.

மூன்றாவது ஸ்லாப் கணக்கு

வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 2024 ஜூலை 1 அன்று நடப்புக்கு வந்த விகிதத்தை வைத்துப் பார்ப்போம். 2025 ஜூலையில் கட்டணம் மீண்டும் உயர்ந்தபோது, வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டதால் நாம் கட்டும் விகிதம் மாறவில்லை.

மொத்தம் 500 யூனிட் வரை ஓடிய வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு.

மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் பட்டியலே மாறிவிடும். முதல் 100 அப்போதும் இலவசம்தான். ஆனால் 101 முதல் 400 வரை எல்லாமே 4 ரூபாய் 70 காசு. 2 ரூபாய் 35 காசு என்ற சலுகைப் படி காணாமல் போய்விடும். 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. அதன் மேல் 600 வரை 8 ரூபாய் 40 காசு, 800 வரை 9 ரூபாய் 45 காசு, 1,000 வரை 10 ரூபாய் 50 காசு, அதற்கும் மேல் 11 ரூபாய் 55 காசு.

இதை எண்ணில் பார்த்தால் தெளிவாகும். 500 யூனிட்டுக்கு வரும் தொகை 1,805 ரூபாய். 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட்டுக்காக 243 ரூபாய் கூடுகிறது. அந்த ஒரு யூனிட்டின் விலை 8 ரூபாய் 40 காசுதான். மீதி 235 ரூபாய், கீழே இழந்த சலுகை. ‘கொஞ்சம்தான் கூட ஓடியது, பில் ஏன் இவ்வளவு ஏறியது’ என்று கேட்பவர்களில் பலருக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

இப்போது நம் மாதிரி பில். 640 யூனிட். முதல் 100-க்கு ஒன்றுமில்லை. அடுத்த 300-க்கு 1,410 ரூபாய். அடுத்த 100-க்கு 630. அடுத்த 100-க்கு 840. மீதி 40 யூனிட்டுக்கு 9 ரூபாய் 45 காசு வீதம் 378. கூட்டினால் 3,258 ரூபாய். பில்லில் உள்ள மின் கட்டணமும் அதுதான். கணக்கில் தவறில்லை.

இணையத்தில் எடுத்த பில் என்றால் மானியத்துக்கு முந்தைய தொகை ஒன்று, அரசு மானியம் ஒன்று, கழித்த பிறகு வரும் தொகை ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். சிலர் மானியத்துக்கு முந்தைய தொகையைப் பார்த்துவிட்டுப் பயந்து படம் அனுப்புவார்கள். நாம் ஒப்பிட வேண்டியது கழித்த பிறகு வரும் தொகையை.

எட்டு நாளின் விலைக்கு வருவோம். அதே வேகத்தில் ஓடியிருந்து 60-ஆவது நாளில் ரீடிங் எடுத்திருந்தால் சுமார் 565 யூனிட் வந்திருக்கும். அதற்குக் கட்டணம் 2,586 ரூபாய். அதாவது எட்டு நாள் தள்ளிப் போனதில் இந்த பில்லில் 672 ரூபாய் கூடியிருக்கிறது. அந்த எட்டு நாள் மின்சாரத்தை நாம் பயன்படுத்தியது உண்மைதான். அடுத்த ரீடிங் வழக்கமான தேதியிலேயே எடுக்கப்பட்டால் அந்த பில் 52 நாளுக்கானதாகக் குறையும். ஆனால் இந்த முறை அந்த யூனிட்கள் மேல் ஸ்லாபில் விழுந்துவிட்டன. 480, 490 யூனிட் ஓடுகிற வீட்டில் இதே எட்டு நாள் 500 என்ற கோட்டையே தாண்ட வைத்துவிடும்.

ஆகவே ‘இது சரியா?’ என்றால், கூட்டல் பெருக்கல் சரி. கணக்கெடுப்பு நாள் தள்ளிப்போனது கேட்கத் தகுந்த விஷயம். இரண்டு தேதிகளையும் காட்டிப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். கட்டாயம் குறைத்துவிடுவார்கள் என்று நம்பிக்கை கொடுத்துவிடாதீர்கள். ஆனால் தேதிகளோடு எழுதிக் கொடுக்கும் மனுவுக்கு, ‘பில் ரொம்ப அதிகம்’ என்ற புகாரைவிட மதிப்பு அதிகம்.

பூட்டிய வீடும் 2020-இன் அனுபவமும்

நம் ஊர்களில் பூட்டியிருக்கும் வீடுகள் அதிகம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். கணக்கெடுக்க வந்தபோது வீடு பூட்டியிருந்தால், முந்தைய பயன்பாட்டை வைத்து உத்தேசமாக ஒரு தொகை போடப்படும். அடுத்த முறை ரீடிங் எடுக்கும்போது நான்கு மாத யூனிட்டும் ஒரே எண்ணாகத் தெரியும். பில் படத்தில் யூனிட் இருமடங்காக இருந்தால், முந்தைய முறை ரீடிங் எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

2020-இல் தமிழ்நாடு முழுவதற்கும் இந்த நிலை வந்தது நினைவிருக்கும். மார்ச் இறுதியில் ஊரடங்கு தொடங்கியதும் கணக்கெடுப்பு நின்றது. முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு ரீடிங் எடுத்தபோது வந்த பில்களைப் பார்த்து மாநிலம் முழுவதும் ‘இது சரியா?’ என்று கேட்டார்கள். மின்வாரியம் செய்த கணக்கு இது: நான்கு மாத யூனிட்டை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் தனியாக ஸ்லாப் போட்டு, இரண்டையும் கூட்டி, ஏற்கெனவே கட்டிய பணத்தைக் கழித்தது. கட்டிய பணத்தைக் கழிப்பது போதாது, அந்தப் பணத்துக்குரிய யூனிட்டைத்தான் கழிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டது. 2020 ஜூலையில் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது.

நமக்கு அதில் உள்ள பாடம், இரண்டாகப் பிரித்திருக்கிறார்களா என்று பார்ப்பதுதான். நான்கு மாதத்துக்கு 940 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாகப் பிரித்தால் தலா 470. ஒவ்வொன்றுக்கும் 1,616 ரூபாய், இரண்டுக்கும் 3,232. முன்பு கட்டிய 1,553 போக 1,679 கட்டினால் போதும். பிரிக்காமல் 940-ஐ ஒரே பில்லாகப் போட்டால் 6,240 ரூபாய் வரும். படத்தில் உள்ள தொகை இந்த இரண்டில் எதற்கு அருகில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டாவதற்கு அருகில் இருந்தால் உடனே அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

நான்காவது மின் கட்டணம் அல்லாத தொகைகள்

மாதிரி பில்லில் மின் கட்டணம் 3,258. கட்டச் சொன்னது 3,858. நடுவில் உள்ள 600 ரூபாய் கூடுதல் வைப்புத்தொகை. ‘வழக்கத்துக்கு மாறான கட்டணம்’ என்று பார்த்தால் இந்த பில்லில் அது இது ஒன்றுதான்.

இணைப்பு வாங்கும்போது நாம் கட்டிய வைப்புத்தொகை, நம் பயன்பாட்டுக்குப் போதுமானதாக இருக்கிறதா என்று மின்வாரியம் அவ்வப்போது மறுஆய்வு செய்யும். ஓராண்டு மின் கட்டணத்தின் மாதச் சராசரியைப் போல மூன்று மடங்கு வைப்பில் இருக்க வேண்டும். இந்த வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 1,553 என்றால் மாதத்துக்கு 776 ரூபாய் 50 காசு. மூன்று மடங்கு சுமார் 2,330. ஏற்கெனவே வைப்பில் இருப்பது 1,730 என்றால் குறைவது 600 ரூபாய். அதைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

இது செலவு அல்ல, நம் பெயரில் இருக்கும் பணம். அதற்கு ஆண்டுதோறும் வட்டி கணக்கிடப்பட்டு பில்லில் கழிக்கப்படும். இணைப்பை ஒப்படைத்தால் பாக்கி போக மீதி திரும்ப வரும். ஆகவே பழைய பில்லோடு ஒப்பிடும்போது இதைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும்.

இதே இடத்தில் வேறு வரிகளும் வரலாம். போன பில்லைத் தாமதமாகக் கட்டியதற்கான கூடுதல் தொகை, மின்சாரம் துண்டித்து மறுபடி கொடுத்ததற்கான கட்டணம், பழைய பாக்கி. இவை இருந்தால் போன பில்லைக் கட்டிய ரசீதையும் அனுப்பச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருந்து காக்கா கட்டியதாக வீட்டில் நினைத்திருப்பார்கள், வங்கியில் பணம் எடுபடாமல் திரும்பியிருக்கும். ரசீது இருந்தும் பாக்கி காட்டினால், ரசீது எண்ணோடு புகார் கொடுக்கலாம்.

கேட்டவருக்கு என்ன பதில் எழுதுவது?

1,553 என்று எதிர்பார்த்தவருக்கு 3,858 வந்தது. கூடுதலாக வந்தது 2,305 ரூபாய். அதில் 600 ரூபாய் வைப்புத்தொகை. 672 ரூபாய் எட்டு நாள் தள்ளிப் போனதால் வந்தது. மீதி 1,033 ரூபாய், கோடையில் பயன்பாடு கூடியதாலும் 500 என்ற கோட்டைத் தாண்டியதாலும் வந்தது. நாளுக்கு 7.7 யூனிட் ஓடிய வீட்டில் 9.4 ஓடியிருக்கிறது. ஏ.சி. தினமும் இரண்டு மணி நேரம் கூட ஓடினாலே ஏறக்குறைய இந்த வித்தியாசம் வந்துவிடும்.

பயன்பாடு கூடவில்லை, ஏ.சி.யும் இல்லை என்று அவர்கள் உறுதியாகச் சொன்னால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யச் சொல்லலாம். மீட்டரில் மின்சாரம் ஓடும்போது விட்டு விட்டு எரியும் சிறு சிவப்பு விளக்கு இருக்கும். வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்து, பிரிட்ஜ், இன்வெர்ட்டர், மோட்டார் உட்பட எல்லாவற்றையும் நிறுத்தி, மெயினை மட்டும் போட்டு வைத்து, பத்து நிமிடம் அந்த விளக்கைப் பாருங்கள். அப்போதும் விட்டு விட்டு எரிந்தால் வீட்டு வயரிங்கில் எங்கோ கசிவு இருக்கலாம், அல்லது அணைக்காத பொருள் ஏதோ இருக்கிறது. உப்புக் காற்றும் ஈரச் சுவரும் உள்ள பழைய வீடுகளில் இதைப் பார்ப்பது நல்லது, உயிர்ப் பாதுகாப்புக்காகவும்தான். அடுத்து மெயினையும் அணையுங்கள். அதன் பிறகும் விளக்கு விட்டு விட்டு எரிந்தால், மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் வேறு இணைப்பு இருக்கலாம் அல்லது மீட்டரே பழுதாக இருக்கலாம். அப்போது மீட்டரைச் சோதிக்கும்படி பிரிவு அலுவலகத்தில் கட்டணம் கட்டி எழுதிக் கொடுக்கலாம். மீட்டரை நாமே திறக்கவோ சீலைத் தொடவோ கூடாது.

புகார் கொடுக்க வேண்டிய வரிசை இது. முதலில் உங்கள் பகுதி பிரிவு அலுவலகத்தின் உதவிப் பொறியாளர். மின்னகம் எண் 94987 94987-லும் பதியலாம், பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள். தீராவிட்டால் தூத்துக்குடி மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றம். அங்கும் தீராவிட்டால் சென்னையில் உள்ள மின் குறைதீர்ப்பாளர். எந்த இடத்திலும் கேட்கப்போவது இரண்டு ரீடிங், இரண்டு தேதி, மீட்டர் படம், ரசீது. இவற்றைத் தேதியோடு எடுத்து வைத்திருந்தால் பேச்சு நீளாது.

இந்த முறை அந்த லாத்தாவுக்கு நான் எழுதும் பதில் இப்படி இருக்கும்: “லாத்தா, யூனிட் கணக்கு சரிதான். மீட்டரும் பில்லும் ஒத்துப்போவுது. 600 ரூபாய் வைப்புத்தொகை, அது உங்க பணம்தான். ரீடிங் எட்டு நாள் தள்ளி எடுத்திருக்காங்க, அதை மட்டும் இ.பி. ஆபீஸ்ல எழுதிக் கொடுங்க. ஆனா கடைசி தேதி தாண்டாம பில்லைக் கட்டிருங்க, இல்லைனா அதுக்கும் சேர்த்துப் போடுவாங்க. அடுத்த தடவை அறுபதாவது நாள் மீட்டரை ஒரு படம் எடுத்து வச்சிக்கோங்க.”